கல்லூரி மாணவர்களுக்கு நேர மேலாண்மைப் பட்டறை: என்ன செய்ய வைக்கலாம், கையில் என்ன கொடுத்து அனுப்பலாம்?

ஆய்வகம்_ஈசிஈ

வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாமாண்டு மாணவர்கள் 60 பேருக்கு நேர மேலாண்மை பற்றி அரை நாள் பட்டறை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். காலை 9.30 முதல் 12.45 வரை, நடுவில் டீ இடைவேளை. முக்கால்வாசிப் பேர் காலேஜ் பஸ்ஸில் வந்து போகிறவர்கள், மீதி ஹாஸ்டல்.

நான் போட்டு வைத்திருக்கும் வரைவு இது. முதல் அரை மணி நேரம் பேச்சு. அப்புறம் அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டு வேலைகளைப் பிரிக்கும் பயிற்சி. ஒரு வீடியோ. ஒரு வினாடி வினா. கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு டைம்டேபிள் போட்டு, உறுதிமொழி எடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எனக்கே திருப்தியில்லை. இந்தப் பிள்ளைகள் திணறுவது ரெகார்டு நோட்டு, அசைன்மென்ட், உள்மதிப்பீட்டுத் தேர்வு, மினி ப்ராஜெக்ட் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து மோதும்போது. அதை இந்த நிகழ்ச்சி தொடவே இல்லை. இதுபோல நடத்தியவர்கள் இருந்தால், எந்தப் பயிற்சி நிஜமாக வேலை செய்தது என்று சொல்லுங்கள்.

வைகறை

சார், நான்கு கட்டம், எட்டு கட்டம் எதுவும் வேண்டாம். காலை நாலரைக்கு எழுப்பி விடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நான் டிப்ளமோ படித்த காலத்திலிருந்து அதிகாலையில்தான் படிக்கிறேன். யாரும் கூப்பிட மாட்டார்கள், வீடு அமைதியாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் ராத்திரி மூன்று மணி நேர வேலை முடியும். பட்டறையில் 21 நாள் அதிகாலைச் சவால் என்று வையுங்கள்.

நிழற்குடை

கோவையில் ஒரு கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். இந்தப் பட்டறையைப் பல வருடங்களாக, பல வடிவத்தில் நடத்தி வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகறை சொல்வதில் ஒரு பாதி சரி. இடையூறு இல்லாத ஒரு மணி நேரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் 19 வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளி ஓடுகிறது, தூக்கம் இயல்பாகவே தாமதமாகத்தான் வரும். ராத்திரி பன்னிரண்டுக்குத் தூங்குகிற பையனை நாலரைக்கு எழுப்பினால், அவன் அந்தத் தூக்கத்தை மதியம் இரண்டாவது வகுப்பில் தூங்கித் தீர்ப்பான். ஹாஸ்டலில் பத்தரைக்கு மேல்தான் சத்தமே அடங்கும். ஆகவே, எந்த மணி என்பதை அவரவரே கண்டுபிடிக்கட்டும், நாம் விதிக்க வேண்டாம்.

ஆய்வகம் சார், உங்கள் வரைவில் டைம்டேபிள் போடுவது கடைசியில் இருக்கிறது. அதைத்தான் முதலில் எடுத்துவிடச் சொல்வேன். டைம்டேபிள் போடத் தெரியாத மாணவரை நான் பார்த்ததில்லை. கலர் பென்சில் வைத்து அழகாகப் போடுவார்கள், மூன்றாம் நாள் அது சுவரில் ஒட்டியபடியே இருக்கும். அது உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கே தப்பு. ஒரு மணி நேரம் என்று போட்ட ரெகார்டு இரண்டே முக்கால் மணி இழுக்கும். முதல் நாளே அட்டவணை கவிழ்ந்துவிடும், அப்புறம் அதைப் பார்க்கவே மனசு வராது.

இதை 1994இல் கனடாவில் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் மாணவர்களை வைத்தே அளந்தார்கள். ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள் மாணவர்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சுமார் 49 என்றார்கள். நிஜத்தில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, அவர்களால் கற்பனை செய்ய முடிந்த மோசமான நிலையையும் தாண்டிப் போனது. நன்றாகப் படிக்கிற மாணவர்கள்தான் அவர்கள்.

அதனால் உங்கள் மூன்று மணி நேரத்தையும் ஒரே விஷயத்துக்குக் கொடுங்கள்: தன் மதிப்பீடும் நிஜமும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை ஒவ்வொருவரும் தன் கையெழுத்திலேயே பார்ப்பது. மற்றதெல்லாம் அதிலிருந்து வரட்டும்.

தக்காளி25

நல்ல விஷயம் மேடம். இதையே விளையாட்டாகச் செய்யலாம். பட்டறையிலேயே ஒரு 13 மதிப்பெண் கேள்வி கொடுங்கள். எத்தனை நிமிடத்தில் எழுதி முடிப்பாய் என்று முதலில் எழுத வைத்து, பிறகு ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் 180 நிமிடத்தில் 100 மதிப்பெண், அப்படியென்றால் 13 மதிப்பெண்ணுக்கு 23 நிமிடம்தான். எல்லோரும் மாட்டுவார்கள்.

கூடவே 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு முறையைக் கற்றுக்கொடுங்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையல் டைமரை வைத்து ஆரம்பித்தது. நான் இதிலேதான் கேட் தேர்வுக்குப் படித்தேன். எந்த வேலைக்கும் பொருந்தும்.

நிழற்குடை

13 மதிப்பெண் பயிற்சி தேர்வுக் கூடத்துக்கு நல்லது, செய்யலாம். ஆனால் நாம் காட்ட நினைப்பதை அது காட்டாது, நேர்மாறாகக் கூடக் காட்டிவிடும். ஒரே இருக்கையில் முடிகிற சின்ன, பழகிய வேலைக்கு மாணவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும், சில சமயம் கூடுதலாகவும் வரும். அப்போது அவர்கள் "நம்ம கணக்கு சரியாத்தானே இருக்கு" என்று நினைத்துக்கொண்டு போவார்கள். விலகல் வருவது நடுவில் எழுந்து போக வேண்டிய, பல படி உள்ள, இன்னொருவரிடம் கேட்க வேண்டிய வேலையில்தான். அதைக் கூடத்துக்குள் உட்கார்ந்து அளக்க முடியாது.

அதனால் பட்டறைக்குப் பத்து நாள் முன்பே ஒரு அரைத்தாள் கொடுத்து விடுங்கள். அடுத்து எழுதப் போகும் ஒரு ஆய்வக ரெகார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடங்கும் முன் "இதற்கு இவ்வளவு நேரம் ஆகும்" என்று பேனாவில் எழுத வேண்டும். பிறகு எழுதும்போதெல்லாம் தொடங்கிய மணி, நிறுத்திய மணி. ஏன் நிறுத்தினேன் என்று ஒரே வார்த்தை. அவ்வளவுதான்.

போன முறை வந்த ஒரு தாளைச் சொல்கிறேன், பெயர் இல்லாத தாள்தான். மதிப்பீடு ஒன்றரை மணி நேரம். திங்கள் இரவு 7.40 முதல் 8.25 வரை எழுதியிருக்கிறார், நிறுத்தக் காரணம் "ரீடிங்". ஆய்வகத்தில் எடுத்த அளவீடு நண்பனுடைய அப்சர்வேஷன் நோட்டில் இருக்கிறது, அவன் போட்டோ அனுப்பவில்லை. செவ்வாய் 9.10 முதல் 10.00, காரணம் "கிராஃப் ஷீட்", வீட்டில் இல்லை, கடை மூடிவிட்டது. புதன் காலை பஸ்ஸில் முயன்றிருக்கிறார், 20 நிமிடம், "எழுத முடியல". வியாழன் மதிய இடைவேளையில் 50 நிமிடம் உட்கார்ந்து முடித்திருக்கிறார். கூட்டினால் 2 மணி 45 நிமிடம். ஒன்றரைக்கு இரண்டே முக்கால், கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதைவிட முக்கியம், ஒரே இரவு என்று நினைத்த வேலை நான்கு நாள் பரவியது. அந்த நான்கு நாளுக்கும் காரணம் ஒரு போட்டோவும் ஒரு கிராஃப் ஷீட்டும்.

பட்டறையில் முதல் முக்கால் மணி நேரம் இந்தத் தாள்களை வைத்துத்தான். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, அடுத்தவர் தாளைப் படித்து, நின்ற இடங்களைக் கரும்பலகையில் எழுத வேண்டும். கொஞ்ச நேரத்தில் பலகை நிறைந்துவிடும். நிற்கும் காரணங்களில் பெரும்பாலானவை தொடங்கும் முன் இரண்டு நிமிடம் யோசித்தால் தெரிந்திருக்கக்கூடியவை. அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள்.

இருபத்தைந்து நிமிட முறை பற்றி: ரெகார்டு எழுத, குறிப்பு எடுக்க, இரண்டு மதிப்பெண் கேள்விகள் படிக்க நன்றாகவே உதவும். தொடங்கவே தயங்குகிறவருக்கு ரொம்ப உதவும். ஆனால் நெட்வொர்க் அனாலிசிஸ் கணக்கிலோ நிரலில் பிழை தேடும்போதோ, தலைக்குள் எல்லாம் கூடி வரவே இருபது நிமிடம் ஆகும், அப்போது மணி அடித்தால் கலைந்துவிடும். அங்கே ஒரு மணி நேரமாவது வேண்டும்.

தக்காளி25

நிரல் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ளவில்லை மேடம். பிழை கிடைக்காமல் இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்டிருக்கும்போது அந்த மணிதான் என்னை எழுப்பிவிட்டிருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்தால் பிழை கண்ணில் பட்டுவிடும். கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்.

அம்மாபேட்டை

வணக்கம். என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். எந்நேரமும் போன்தான். உங்கள் பட்டறைக்கு வெளியாட்களை அனுப்பலாமா? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு அட்டவணை இருந்தால் யாராவது போடுங்கள், பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடுகிறேன்.

ஆய்வகம்_ஈசிஈ

அம்மா, இது எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் நடக்கிற நிகழ்ச்சி. அட்டவணை எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் நிழற்குடை மேடம் சொன்ன அரைத்தாளை உங்கள் மகனும் ஒரு பாடத்துக்குச் செய்து பார்க்கலாம். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்காமல், அவனே எழுதட்டும்.

மேடம், போன் பற்றியே கேட்க நினைத்தேன். திரை நேரத்தை எல்லோரையும் எடுத்துக் காட்டச் சொல்லலாமா? டிஜிட்டல் வெல்பீயிங்கில் நாள்வாரியாக இருக்கிறதே.

நிழற்குடை

கூடத்தில் காட்டச் சொல்லாதீர்கள். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்பது அந்தரங்கம். யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற கேலியில் போய் முடியும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. வீட்டில் தனியாகப் பார்த்து, ஒரே ஒரு எண்ணை மட்டும் தன் தாளில் எழுதிக்கொள்ளட்டும். யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது.

அந்த எண் எங்கே உதவும் என்றால், இரண்டாவது பயிற்சியில். வாரத்துக்கு 168 மணி நேரம். ஏழு பத்தி, இருபத்து நான்கு வரி உள்ள கட்டத்தாள் ஒன்று. ஏ3 அளவில் அடியுங்கள், ஏ4இல் எழுத இடம் போதாது. முதலில் மாறாதவற்றை நிரப்ப வேண்டும்.

பஸ் மாணவர் ஒருவரைப் போட்டுப் பார்ப்போம். தூக்கம் ஏழு மணி வீதம் 49. காலை 6.50க்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை 5.50க்குத் திரும்பினால் நாளுக்கு 11 மணி நேரம், ஐந்து நாளுக்கு 55. குளியல், சாப்பாடு, வீட்டில் சின்னச் சின்ன வேலை நாளுக்கு இரண்டரை மணி என்றால் 17.5. மொத்தம் 121.5. மீதி 46.5 மணி நேரம். இந்த எண்ணைப் பார்த்ததும் கூடத்தில் ஒரு ஆரவாரம் வரும், "இவ்வளவு நேரம் இருக்கா!" என்று.

அங்கே நிறுத்திவிட்டால் பட்டறை பொய் சொன்னதாகிவிடும். அந்த 46.5இல் எது படிக்கத் தகுந்தது என்று அடுத்து நிரப்பச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்று வந்தவருக்கு ஆறு மணி என்பது படிக்கிற மணி இல்லை. வார நாளில் ஒன்றரை மணி நேரம் உருப்படியாகக் கிடைத்தால் பெரிது, அது ஐந்து நாளுக்கு 7.5. சனிக்கிழமை நான்கு, ஞாயிறு மூன்று. ஆக 14.5 மணி நேரம். இதுதான் அவருடைய உண்மையான கையிருப்பு. டைம்டேபிள் போடும்போது இந்த 14.5ஐத் தாண்டி எழுதினால், அந்த வாரம் உடையப் போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். போனில் போகும் நேரமும் மீதி 32 மணிக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். அது இந்த 14.5ஐ எப்போது தின்கிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

தாமரைக்குளம்

நான் சிஎஸ்ஈ இரண்டாமாண்டு. இந்தக் கட்டத்தாளை இப்போதே போட்டுப் பார்த்தேன் மேடம். "வீட்டில் சின்னச் சின்ன வேலை" என்று நீங்கள் எழுதியது என் வீட்டில் சின்னது இல்லை. சாயங்காலம் வந்ததும் பாத்திரம், இட்லிக்கு அரைப்பது, தம்பிக்கு ஹோம்வொர்க், காலையில் டிபன் கட்டுவது எல்லாம் சேர்த்தால் அது மட்டுமே நாளுக்கு இரண்டரை மணி. அண்ணனும் காலேஜ்தான் போகிறான், அவன் தாளில் அந்த இடம் காலி.

பட்டறையில் இதற்குத் தனிக் கட்டம் வையுங்கள் சார். பெர்சனல் என்று ஒன்றாகப் போட்டால் நாங்கள் நேரத்தை வீணடிப்பதுபோலத் தெரிகிறது.

நிழற்குடை

நீ சொல்வது ரொம்பச் சரி தாமரை. தனிக் கட்டமே வைக்க வேண்டும், தனி நிறத்தோடு. அந்த நிறம் பையன்கள் தாளில் எவ்வளவு இருக்கிறது, பெண்கள் தாளில் எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், யாரும் பேச்சு கொடுக்க வேண்டியதில்லை. உன் தாளை வீட்டில் காட்ட முடியுமா என்று உனக்குத்தான் தெரியும். பரீட்சைக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கு மட்டும், காலை டிபன் ஒன்றையாவது அண்ணனிடம் மாற்றிவிடக் கேட்டுப் பார். மொத்தத்தையும் மாற்றக் கேட்பதைவிட இது நடக்க வாய்ப்பு அதிகம்.

ராத்திரிவண்டி

இந்தத் தாளெல்லாம் எனக்கு ஒத்துவராது. நான் மெக்கானிக்கல். மாலை ஏழு முதல் பதினொன்றரை வரை உணவு டெலிவரி, வாரம் ஆறு நாள். 27 மணி நேரம். நீங்கள் சொன்ன 46.5இல் அது போனால் 19.5, அதிலும் படிக்கத் தகுந்தது எங்கே இருக்கிறது? தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய் மாதம் வருகிறது, அது பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாகிவிடும். இரண்டு அரியர் இருக்கிறது. போன வருடம் இப்படித்தான் ஒரு நிகழ்ச்சியில் "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்று எழுதி வாங்கினார்கள். அதற்கு அப்புறம் இது மாதிரி எதற்கும் போவதில்லை.

பழைய வார்டன்

தம்பி, உன் கோபம் நியாயம். ஹாஸ்டலில் பல வருடம் இருந்தவன் நான், உன்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். கடுமையாக உழைத்தால் எல்லாம் சரியாகும், நானும் ஓட்டலில் வேலை பார்த்துத்தான் படித்தேன்.

நிழற்குடை

வார்டன் ஐயா, உங்கள் உழைப்புக்கு மரியாதை. ஆனால் ராத்திரிவண்டிக்கு உழைப்பு குறையவில்லை, அவர் கணக்கைத் துல்லியமாகவே போட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது நேர மேலாண்மைப் பிரச்சினை இல்லை, சுமைப் பிரச்சினை. பட்டறை நடத்துகிறவர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 168 தாளில் நிஜமாகவே இடம் இல்லாதவருக்கு நாம் "இன்னும் திட்டமிடு" என்று சொன்னால், குற்ற உணர்ச்சியைத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

தம்பி, உன் நிலைமையில் செய்ய முடிவது எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான். இரண்டு அரியரையும் இந்த செமஸ்டரிலேயே எழுதித் தீர்க்க நினைக்காதே. இன்னொரு பாடத்துக்கு அடித்தளமாக இருப்பது எதுவோ அதை மட்டும் எடு. உதாரணமாக ஒன்று கணிதமாக இருந்தால் அதுதான் முதலில். ஞாயிறு வண்டி ஓட்டாத நாள் என்றால் காலை மூன்று மணி நேரம் அதற்கே. உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை விட்டுவிடாதே. 2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு 40 மதிப்பெண் உள்ளேயே இருக்கிறது, அது வகுப்பு நேரத்தில் சம்பாதிக்கக்கூடியது. அப்புறம், உன் வகுப்பு ஆசிரியரிடம் வேலை பார்ப்பதைச் சொல்லியிருக்கிறாயா?

ராத்திரிவண்டி

சொல்லவில்லை. சொன்னால் வருகைப்பதிவு குறையும்போதெல்லாம் அதையே காரணம் காட்டிப் பேசுவார்கள்.

அரியரில் ஒன்று கணிதம்தான். மற்றது வரைபடம்.

ஆய்வகம்_ஈசிஈ

ராத்திரிவண்டி, என் வகுப்பிலும் உங்களைப் போல யாராவது இருப்பார்கள், எனக்குத் தெரியாமல். பட்டறைத் தாளின் கீழே "என் தாளில் இடம் இல்லை, தனியாகப் பேச வேண்டும்" என்று ஒரு பெட்டி போட்டு, டிக் அடித்தவர்களைக் கூட்டத்தில் கூப்பிடாமல் பிறகு சந்திப்பதாக வைக்கிறேன். பெயர் இல்லாத தாள் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் யோசனை. பதிவெண்ணின் கடைசி மூன்று எண்ணை மட்டும் அவர்கள் விருப்பப்பட்டால் எழுதலாம் என்று வைத்துப் பார்க்கிறேன்.

மேடம், டீக்குப் பிறகு என்ன? இடைவேளைக்கு முன்பே ரெகார்டு தாளும் 168 தாளும் முடிந்துவிடும்போல இருக்கிறதே.

நிழற்குடை

டீக்குப் பிறகு ஒரே வேலை: எல்லோருக்கும் இந்த செமஸ்டரில் நிஜமாக இருக்கிற ஒரு பெரிய காரியத்தை எடுத்து, கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுவது. நடுத்தர மாணவர் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பது இதில்தான் பளிச்சென்று தெரியும். மினி ப்ராஜெக்ட் அறிக்கையை எடுத்துக்கொள்வோம்.

இன்று 7ஆம் தேதி வெள்ளி. அறிக்கை 28 வெள்ளியன்று சமர்ப்பிக்க வேண்டும். முன்னோக்கிப் பார்த்தால் மூன்று வாரம். மாணவர் சொல்வார், "இருபது மணி நேர வேலை, கடைசி வாரம் உட்கார்ந்தா முடிஞ்சிடும்". வேலை இருபது மணி என்பது சரியாகவே இருக்கட்டும். இப்போது பின்னோக்கி வாருங்கள்.

28 காலை கையில் பைண்டிங் ஆன புத்தகம் வேண்டும். எல்லாத் துறையும் ஒரே வாரத்தில் சமர்ப்பிக்கும், கடையில் ஒரு நாள் கேட்பார்கள். அப்படியானால் 26 புதன் மாலை கொடுத்தால்தான் 27 மாலை கிடைக்கும். கொடுக்கும் முன் சான்றிதழ்ப் பக்கத்தில் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும், அது 26 பகலில். அவர் அன்று வேறு கல்லூரிக்குத் தேர்வுப் பணிக்குப் போய்விட்டால்? ஆகவே 25இலேயே கேட்டு வைக்க வேண்டும். அதற்கு முன் வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்து, 25 காலை. திருத்தம் போட்டு முடிக்க 24 இரவு. அவர் திருத்தித் தருவது 24 திங்கள். அவர் படிக்கச் சனி, ஞாயிறு வேண்டும், ஆகவே வரைவு அவர் மேசையில் இருக்க வேண்டியது 21 வெள்ளி. மாணவர் தன் எழுத்தை முடிக்க வேண்டிய நாள் 20.

இன்னும் ஒரு படி பின்னால் போங்கள். முடிவுகள் அத்தியாயத்துக்கு அலை வடிவப் படம் வேண்டும். ஆசிலோஸ்கோப் ஆய்வக வகுப்பில்தான் கிடைக்கும், அடுத்த வகுப்பு 13 வியாழன். அன்று எடுக்காவிட்டால் அடுத்தது 20. அதாவது மூன்று வாரம் என்று நினைத்தவருக்கு உண்மையான கெடு இன்னும் ஆறு நாளில் வருகிறது, 13ஆம் தேதி சர்க்யூட் ஓட வேண்டும்.

இந்தப் பயிற்சியில் மாணவர்கள் தன் கை வேலையை மட்டும் கணக்கில் எடுப்பார்கள், அடுத்தவருக்காகக் காத்திருக்கும் நாளை எடுக்க மாட்டார்கள். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. கை வேலைக்கு நீல நிறம், காத்திருப்புக்குச் சிவப்பு நிறம். ஒவ்வொரு சிவப்புக்கும் "யாரிடம், எப்போது முன்கூட்டியே சொல்வேன்" என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஒன்றேகால் மணி நேரமும் இதற்கே போகும், போகட்டும்.

வைகறை

இதை ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்துக்குத் துறைத்தலைவர் அறை வாசலில் நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் உறுதிமொழி வேண்டாம் என்கிறீர்களா? மனசில் ஒரு பிடிப்பு வேண்டாமா?

நிழற்குடை

பிடிப்பு வேண்டும், ஆனால் அது பொதுவான உறுதிமொழியாக இருந்தால் நிற்காது. ஜெர்மனியில் கோல்விட்சரும் பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சின்ன அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று குறித்துவிட்டுப் போனவர்களில் முக்கால்வாசிக்கு அருகில் பேர் குறித்த காலத்துக்குள் எழுதினார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான். எழுத வேண்டும் என்ற விருப்பம் இரண்டு பக்கமும் இருந்தது.

அதனால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் இரண்டே வாக்கியம் எழுதட்டும். "செவ்வாய் இரவு சாப்பிட்டு முடித்ததும், மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, சர்க்யூட் படத்தை வரைவேன்" என்பது போல. மணியைவிட, அன்றாடம் எப்படியும் நடக்கிற ஒரு செயலோடு கட்டிவிடுவது நல்லது, பஸ் தாமதமானாலும் சாப்பாடு நடக்கும். "தினமும் படிப்பேன்" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையில் கொடுத்து அனுப்புவது மூன்றுதான்: தன் ரெகார்டு மடங்கு, தன் 168 தாள், பின்னோக்கிப் போட்ட ஒரு காரியமும் அதன் அடியில் இந்த இரண்டு வாக்கியமும். நேர மேலாண்மைக் குறிப்புகள் என்று அச்சடித்த தாள் எதுவும் வேண்டாம்.

மடங்கு பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு ரெகார்டில் வந்த 1.8 எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ரெகார்டுக்கு 1.8 என்றால் கணக்குப் பயிற்சிக்கு வேறாக இருக்கும். இன்னும் இரண்டு மூன்று முறை அளந்த பிறகுதான் அதை நம்பித் திட்டம் போடலாம்.

ஆய்வகம்_ஈசிஈ

இப்போது எனக்கு நிகழ்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. பேச்சை ஐந்து நிமிடமாக்குகிறேன், வீடியோவும் வினாடி வினாவும் போகட்டும். நான்கு கட்டத்தையும் எடுத்துவிடுகிறேன், இரண்டாமாண்டில் எல்லாமே அவசரமும் முக்கியமுமாகத்தான் வருகிறது.

ஒன்றுதான் இடிக்கிறது. நிர்வாகத்துக்குப் பின்னூட்டப் படிவமும் புகைப்படமும் வேண்டும். "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று அறுபது பேரும் எழுதிக் கொடுப்பார்கள். அதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

நிழற்குடை

படிவத்தை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதோடு சண்டை போட வேண்டாம். உங்களுக்கான அளவுகோல் வேறு. பட்டறைக்கு முந்தைய இரண்டு ரெகார்டுகளில் எத்தனை பேர் குறித்த நாளில் கொடுத்தார்கள் என்று ஆய்வகப் பதிவேட்டில் இருக்கும். பிந்தைய இரண்டுக்கும் பாருங்கள். அதே வகுப்பின் இன்னொரு பிரிவு பட்டறைக்கு வராதது இருந்தால் அதையும் பாருங்கள், தேர்வு நெருங்கியதால் எல்லோருமே திருந்தினார்களா என்று தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வகுப்பில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பின்னோக்கித் தாளைக் கொண்டுவந்து, எந்தச் சிவப்பு நடந்தது, எது நடக்கவில்லை என்று குறித்தால் போதும். அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாமல் நான் நடத்திய பட்டறைகள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

தாமரைக்குளம்

கட்டாயம் வர வேண்டும் என்று வைப்பீர்களா சார்? எங்கள் காலேஜில் கட்டாயம் என்றால் பின்வரிசையில் உட்கார்ந்து ரெகார்டு எழுதுவார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் என்றால், ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவர்கள்தான் வருவார்கள்.

பழைய வார்டன்

கட்டாயமாக்கினால்தான் வருவார்கள், அதில் தப்பே இல்லை.

ஆய்வகம்_ஈசிஈ

எனக்கும் இதற்கு விடை தெரியவில்லை. ரெகார்டு தாளை நிரப்பிக் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் அனுமதி என்று வைக்கலாமா என்று யோசித்தேன், அதில் ராத்திரிவண்டி போன்றவர்கள் முதலில் விழுந்துவிடுவார்கள். இப்போதைக்கு முப்பது முப்பதாக இரண்டு நாளில் பிரித்திருக்கிறேன். இருவர் இருவராகத் தாள் படிப்பதற்கு அறுபது பேர் அதிகம். முதல் முப்பதுக்குக் கட்டாயம், இரண்டாவதற்கு விருப்பம் என்று செய்து பார்க்கத் துறைத்தலைவரிடம் கேட்கிறேன். ரெகார்டு தாள் நாளை வகுப்பில் கொடுக்கிறேன்.

ராத்திரிவண்டி

அந்த ரெகார்டு தாளை இங்கே படமாகப் போடுங்கள் சார். கணிதத்துக்கு நான் போட்டுப் பார்க்கிறேன்.